17-க்கு 2: சத்யம் சேர்ந்ததா, வாங்கப்பட்டதா?

பரனூர் ஸ்டேஷனில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆட்கள் இறங்குவதை செங்கல்பட்டு ரயிலில் போகிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே குழுமத்தின் டெக் மஹிந்திரா, சத்யத்தைத் தன்னோடு இணைத்த கதை நம் அமால்கமேஷன் பாடத்துக்கு அருமையான கணக்கு. புத்தகத்தில் வரும் 'ஏ லிமிடெட், பி லிமிடெட்'டை விட இதுதான் சுவாரசியம்.

2009 ஜனவரியில் சத்யம் மோசடி வெளியே வந்தது. ஏப்ரலில் ஏலத்தில் பங்குக்கு 58 ரூபாய் கொடுத்து டெக் மஹிந்திரா கட்டுப்பாட்டைப் பிடித்தது. 2013 ஜூனில் இணைப்பு முடிந்தது. சத்யம் பங்கு 17 வைத்திருந்தால் டெக் மஹிந்திரா பங்கு 2 கிடைக்கும். கணக்கில் எடுத்துக்கொண்ட முறை பூலிங் ஆஃப் இன்ட்ரஸ்ட்ஸ்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அப்போது சத்யத்தின் முகமதிப்பு 2 ரூபாய், டெக் மஹிந்திராவுடையது 10. அதாவது 34 ரூபாய் மூலதனத்துக்குப் பதில் 20 ரூபாய் மூலதனம். பூலிங்கில் சொத்து, கடன், ரிசர்வ் எல்லாம் பழைய புத்தக மதிப்பிலேயே வந்து உட்காரும். மிச்சமான 14 ரூபாய் ரிசர்வில் சேரும். அவ்வளவுதான், குட்வில் என்ற பேச்சே இல்லை.

இதையே பர்ச்சேஸ் முறையில் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக மட்டும் டெக் மஹிந்திரா பங்கு 600 ரூபாய் என்றும், அந்த 17 பங்குக்குப் பின்னால் இருக்கும் நிகர சொத்து 500 ரூபாய் என்றும் வையுங்கள். பர்ச்சேஸ் கன்சிடரேஷன் 1200. குட்வில் 700. ஏஎஸ் 14 சொல்கிறபடி அதை ஐந்து வருடத்தில் எழுதித் தள்ளினால், வருடம் 140 ரூபாய் லாபத்தில் அடிபடும். பூலிங்கில் இந்த 140 எங்கேயும் தெரியாது! கொடுத்த விலையே புத்தகத்தில் இல்லாதபோது செலவு எப்படித் தெரியும்?

(கன்சிடரேஷன் என்பது பங்குதாரர்களுக்குக் கொடுப்பது மட்டும். டிபென்ச்சர்காரர்களுக்குக் கொடுத்ததையும் கூட்டி மார்க்கை விடுகிறவர்கள் நம் வகுப்பில் நிறைய பேர்.)

பூலிங்குக்கு ஐந்து நிபந்தனை உண்டு. அதில் முக்கியமானது 90 சதவீத விதி. ஆனால் வாங்கும் கம்பெனியிடம் ஏற்கெனவே இருக்கும் பங்கைக் கழித்துவிட்டு மீதியில்தான் 90 பார்க்க வேண்டும். என் ஆட்சேபணை இங்கேதான். முதலில் காசு கொடுத்துப் பெரிய பங்கை வாங்கிவிட்டு, நாலு வருடம் கழித்து மிச்சம் இருப்பவர்களுக்குப் பங்கு கொடுத்தால் 'இரண்டு பேரும் சேர்ந்தோம்' என்று எழுதலாம். ஏலத்தில் எடுத்த கம்பெனிக்கு அந்த வார்த்தை பொருந்துமா? விதி மீறல் எதுவும் இல்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது.

அமெரிக்கா 2001-லேயே பூலிங்கை நிறுத்தியது. இங்கே இண்ட் ஏஎஸ் 103 வந்தபின், பெரிய கம்பெனிகளில் ஒரே குடையின் கீழ் இருப்பவை இணைந்தால் மட்டும் பூலிங். அது சரிதான், அங்கே யாரும் யாரையும் வாங்கவில்லை. ஏஎஸ் 14 பின்பற்றும் சிறிய கம்பெனிகளுக்கு மட்டும் பழைய கதவு இன்னும் திறந்தே இருக்கிறது.