லேபிளை மொழிபெயர்க்காதீர்கள், புதிதாக எழுதுங்கள்

என் நிலத்தில் ரசாயனம் கிடையாது. ஆனால் திங்கட்கிழமை எனக்குக் களை எடுக்க வருகிறவர்தான், செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பருத்திக்காட்டில் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறார். "விஷத்தைப் பத்திரமாகக் கையாளச் சொல்லிக்கொடுத்தால், அதை நாமே ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகாதா?" என்று நம் கூட்டங்களில் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்து இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எல்லாரும் இயற்கைக்கு மாறும் வரை கூலியாட்களின் உடம்பு காத்திருக்காது.

வட்டார மொழியிலும் விவரத்தாள் தரவேண்டும் என்று விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பொடி எழுத்துத் தாள் முதலாளி வீட்டு அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். காட்டுக்கு வருவது பாட்டில் மட்டும்தான். தாள் கைக்குக் கிடைத்தாலும் அதிலுள்ள தமிழ், தமிழாகவா இருக்கிறது? 'தோலுடனான தொடர்பைத் தவிர்க்கவும்' என்கிறது. யாருடன் என்ன தொடர்பு? 'மேலே படக்கூடாது. பட்டால் வேலையை அப்படியே நிறுத்து. துணியைக் கழற்று, சோப்புப் போட்டுக் குளி' என்று எழுதினால் புரியாதவர் உண்டா?

ஒரு உதாரணத்துக்கு, குளோர்பைரிபாஸ் 20% ஈ.சி. பாட்டிலை எடுத்துக்கொள்வோம். அதில் முக்கோணம் மஞ்சளாக இருக்கும். சாலை சிக்னலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மஞ்சள் என்றால் 'கொஞ்சம் கவனம்', அவ்வளவுதான். சட்டப்படி அதன் அர்த்தம் வேறு. சிவப்பு கடும் விஷம், மஞ்சள் அதற்கு அடுத்த படி, அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் 'போகலாம்' இல்லை, அதுவும் விஷம்தான். ஆகவே முதல் வரியிலேயே 'மஞ்சள் என்றாலும் ஆளைக் கொல்லும்' என்று எழுதிவிட வேண்டும்.

அடுத்தது அறிகுறிகள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வியர்வை என்று லேபிள் அடுக்கும். இந்த நாலும் வெயிலில் வேலை செய்கிற யாருக்கும் வரும். அதனால்தான் 'வெயில் மயக்கம்' என்று நிழலில் படுக்கவைத்து மோர் கொடுத்துவிடுகிறார்கள். வெயிலிலிருந்து விஷத்தைப் பிரித்துக் காட்டுவது எதுவோ அதைத்தான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இந்த வகை விஷம் ஏறினால் வாயில் எச்சில் ஊறி வழியும், கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டும், பார்வை மங்கும், நெஞ்சை அடைக்கும், சதை தானாகத் துடிக்கும். கண்ணின் கருமணி குண்டூசித் தலை போலச் சுருங்கிவிடும். பக்கத்தில் நல்ல நிலையில் இருக்கும் ஒருவரை அதே நிழலில் நிறுத்தி இரண்டு பேர் கண்ணையும் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கருமணி சுருங்கவில்லை என்பதற்காகக் காத்திருக்கவும் கூடாது, மற்ற அறிகுறியே போதும். வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரம் கழித்தும் இது தொடங்கலாம் என்பதால், வீட்டுப் பெண்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

குடித்துவிட்டவருக்குச் சாணியைக் கரைத்தும் சோப்புத் தண்ணீரும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் ஊர்களில் இன்னும் போகவில்லை. ஈ.சி. என்ற எழுத்து இருந்தால் விஷம் பெட்ரோலிய எண்ணெய் மாதிரியான கரைப்பானில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போனால், விஷத்தோடு மூச்சுத்திணறலும் சேர்ந்துகொள்ளும். 'வாயில் எதையும் ஊற்றாதே. ஒருக்களித்துப் படுக்கவை. 108-ஐக் கூப்பிடு' என்பதே போதும்.

லேபிளில் அட்ரோபின் ஊசி எத்தனை மில்லிகிராம், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை என்றெல்லாம் இருக்கும். அது டாக்டருக்கான வரி. தொழிலாளிக்கான தாளில் அதைப் போட்டுக் குழப்பக்கூடாது. அதற்குப் பதில், 'பாட்டிலைப் பையில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ' என்று எழுதுங்கள். 'மருந்தடிச்சாரு' என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் போதாது. அட்ரோபின் இந்த வகை விஷத்துக்குத்தான் முறிவு, எல்லாப் பூச்சிக்கொல்லிக்கும் அல்ல.

'முழுப் பாதுகாப்பு உடை அணியவும்' என்ற வரியை என்ன செய்வது? நம்ம ஊர் வெயிலில் யாரும் அணியப்போவதில்லை. நடக்காததை எழுதினால் நடக்கக்கூடியதையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். நானாக இருந்தால், தண்ணீர் சேர்க்காத மருந்தை ஊற்றும் அந்த இரண்டு நிமிஷத்துக்கு ரப்பர் கையுறை கட்டாயம் என்று முதலில் எழுதுவேன். வீரியம் முழுக்க இருப்பது அப்போதுதான். மூக்கில் கட்டிய துண்டு நனைந்தால் உடனே மாற்றச் சொல்வேன். நனைந்த துண்டு விஷத்தை முகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும்.

எழுதி முடித்ததும் அச்சுக்கு ஓடாதீர்கள். மருந்தடிக்கப் போகும் ஒரு அக்காவிடம் வாசித்துக் காட்டிவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு எச்சில் வழியுது, முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் தயங்குகிற இடத்தில் உங்கள் வரியைத் திருத்துங்கள்.