மறுதேர்வு கேட்பது சலுகை அல்ல

ஆசிரியருக்கு,

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுகளைத் தள்ளிவைத்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்படியொரு இரவுக்கு மறுநாள் தேர்வு இருந்தால், மூச்சுத்திணறலோடு படுத்திருக்கும் மாணவர் என்ன செய்வார்? ஊர் முழுதும் மூழ்கினால் தேதி மாறுகிறது. ஒருவர் மட்டும் நோயில் விழுந்தால் பெரும்பாலும் அடுத்த பருவம்வரை அரியர்தான். இது நியாயமில்லை.

மறுதேர்வு தந்தால் பொய்ச் சான்றிதழ்கள் பெருகும் என்பார்கள். கவலை சரியே, ஆனால் அதற்குத் தீர்வு சரிபார்ப்பு, மறுப்பு அல்ல. 'உடல்நலமின்மை' என்று ஒற்றை வரியில் எழுதிய சான்றிதழைவிட, உள்நோயாளி எண்ணும் சேர்ந்த நேரமும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவமனையிடமே கேட்டு உறுதிசெய்யலாம். மறுதேர்வு கேட்டு மாணவர் அனுப்பும் மின்னஞ்சலிலும் பதிவு எண், பாடக் குறியீடு, தேர்வு நாள் மூன்றும் இருக்க வேண்டும். முடிந்தால் அன்றே பெற்றோராவது அனுப்பிவிட வேண்டும். வாரங்கள் கழித்து வரும் கடிதம் உண்மையானாலும் சந்தேகத்தையே கிளப்பும். வினாத்தாள் வெளியாகிவிட்டதே என்பது இன்னொரு தடை. வேறு வினாத்தாள் தயாரித்தால் அது தீரும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். உள்மதிப்பீட்டுத் தேர்வைக் கல்லூரியே மீண்டும் நடத்தலாம். தன்னாட்சி இல்லாத கல்லூரியில் பருவத்தேர்வு பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதால், முதல்வர் மாணவரின் கோரிக்கையைத் தன் பரிந்துரையோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மாணவரின் மின்னஞ்சலுக்கு ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தருவதைக் கல்லூரிகள் விதியாக்க வேண்டுகிறேன்.

வாசகர்,
வள்ளூர்