முழங்கால் முறிவு: பிளேட் வைக்க ஏன் காத்திருப்பு?

பைக் விபத்தில் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. ஷாட்ஸ்கர் என்ற மருத்துவர் வகுத்த 6 வகைகளில் இது கடைசி வகை; மூட்டைத் தாங்கும் பகுதியே எலும்பின் தண்டிலிருந்து பிரிந்திருக்கிறது. ‘இன்றே ஆபரேஷன் செய்யக் கூடாதா?’ என்று குடும்பத்தார் பதறுவார்கள்.

தடையாக இருப்பது தோல். வீங்கிக் கொப்புளம் கண்ட தோலைக் கீறினால் தையல் பிரிந்து, பிளேட் வரை சீழ் பிடிக்கலாம். அதனால் முதலில் தொடை எலும்பிலும், முறிவுக்குக் கீழேயும் கம்பிகள் செருகி, வெளியே சட்டம் பூட்டிக் காலை அசையாமல் நிறுத்துவார்கள். பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களில் வீக்கம் வடிந்து, தோலில் சுருக்கம் தெரியும். அதுதான் பிளேட் வைக்கும் நேரம்.

இடையில், மருந்துக்கும் அடங்காமல் வலி கூடி, கால்விரலை நீட்டிவிட்டாலே உயிர்போகிறதா? உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். தசைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். அதற்கு மட்டும் காத்திருக்கக் கூடாது.