லண்டன் ரயில் படத்தில் அடிமட்டம் வைக்காதீர்கள்



ராத்தாவின் மகன் படிப்புக்காக லண்டன் போய் இரண்டு மாதம்தான். போன கிழமை ஒரு கடையில் பகுதிநேர வேலைக்கு நேர்முகப் பரீட்சை. "பேஸ்வோட்டர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்" என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை சென்ட்ரல் லைனில், அதுதான் சிவப்புக் கோட்டில், வந்தான். பேஸ்வோட்டர் அந்தக் கோட்டில் இல்லை. படத்தைப் பார்த்து நொட்டிங் ஹில் கேட் வரை போய் இறங்கி, அங்கே மஞ்சளும் பச்சையும் போகும் மற்ற மேடைக்கு நடந்து, ரயிலுக்குக் காத்திருந்து, ஒரு ஸ்டேஷன் திரும்பி வந்திருக்கிறான். பத்து நிமிடம் பிந்திவிட்டது. வேலை கிடைக்கவில்லை.

நொட்டிங் ஹில் கேட்டுக்கு முதல் ஸ்டேஷன் குயின்ஸ்வே. அவன் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறான். குயின்ஸ்வேயும் பேஸ்வோட்டரும் ஒரே தெருவில் இருக்கின்றன. மூன்று நான்கு நிமிடம் நடந்தால் போதும்.

"மாமா, படமே பிழை" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான். பிழை படத்தில் இல்லை, அதை வாசிக்கச் சொல்லிக் கொடுக்காத எங்களில்தான் என்பது என் கருத்து. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இப்படியான நகரங்களுக்குப் போகிறார்கள்.

வகுப்பில் நாங்கள் படிப்பிப்பது 1:50,000 இடவிளக்கப்படம். வளைந்த வீதியின் மேல் நூலை வைத்து அளக்கிறோம். இரண்டு சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் ஒரு கிலோமீற்றர். இதைப் படித்த பிள்ளை எந்தப் படத்தைக் கண்டாலும் மனதுக்குள் அடிமட்டத்தை வைத்துவிடுகிறான். பக்கத்தில் தெரிந்தால் பக்கம், தள்ளித் தெரிந்தால் தூரம்.

அந்தக் கணக்கை லண்டன் படத்தில் செய்து பாருங்கள். நகர நடுவில் லெஸ்டர் ஸ்குவாருக்கும் கொவென்ட் கார்டனுக்கும் இடையில் சுமார் 260 மீற்றர்தான். அந்த ரயில் வலையமைப்பிலேயே மிகக் குறுகிய இடைவெளி இது. வடமேற்கு எல்லையில் சால்ஃபொன்ட் அன்ட் லட்டிமர் என்ற ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் செஷாம் வரை ஆறு கிலோமீற்றருக்கும் மேல். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையில் இதுதான் மிக நீண்ட தூரம். நிலத்தில் ஒன்று மற்றதைப் போல 24 மடங்கு. கைக்கு அடக்கமான படத்திலோ இரண்டுமே விரல் நகத்தளவு துண்டுகள்தான்.

ஏன் இப்படி வரைந்தார்கள்? இதையே எங்கள் 1:50,000 அளவுத்திட்டத்தில் வரைந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 260 மீற்றர் அரைச் சென்ரிமீற்றராக வரும். அந்த இடைவெளியில் இரண்டு ஸ்டேஷன்களின் பெயர்களை எப்படி எழுதுவது? செஷாமிலிருந்து கிழக்கு எல்லையில் உள்ள அப்மினிஸ்டர் வரை நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீற்றர். அது ஒரு மீற்றருக்கும் நீளமான தாளைக் கேட்கும். அந்தத் தாளிலும் நடுப்பகுதி எழுத்தும் கோடுமாகச் சிக்கிக் கிடக்கும், ஓரங்கள் வெறுமையாக இருக்கும். தாளைச் சிறிதாக்கினால் நடுப்பகுதியை வாசிக்கவே முடியாது.

ஆரம்ப காலப் படங்களுக்கு இந்தக் கஷ்டம் இருந்தது. 1931இல் ஹரி பெக் என்ற படவரைஞர் ஒரு புது வரைபடத்தைக் கொண்டுவந்தார். ரயில் நிறுவனத்தின் சமிக்ஞைப் பிரிவில் வேலை செய்தவர் அவர். நிலத்துக்கடியில் போகிறவனுக்கு மேலே வீதி எப்படி வளைகிறது என்பது தேவையில்லை, எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு எது, எங்கே மாறுவது என்பதுதான் தேவை என்று அவர் கண்டார். கோடுகளைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் 45 பாகைச் சாய்விலும் மட்டும் போட்டார். நடுப்பகுதியை விரித்தார், ஓரங்களைச் சுருக்கினார். நிலத்தின் அடையாளமாகத் தேம்ஸ் ஆற்றை மட்டும் விட்டுவைத்தார். முதலில் நிறுவனம் அதை ஏற்கவில்லை. 1933இல் அச்சடித்துக் கொடுத்தபோது சனம் விரும்பி வாங்கியது. இன்றைய படமும் அதே முறைதான்.

ஆகவே தூரம் தவறுதலாக மாறவில்லை. ஒழுங்கும் இணைப்பும் தெளிவாகத் தெரிவதற்காகத் தூரத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். "எப்படி மாறிப் போவது?" என்று கேட்டால் இந்தப் படம் சரியான பதில் தரும். "எவ்வளவு தூரம்? நடக்கலாமா?" என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. என் மருமகன் இரண்டாவது கேள்வியையும் அதனிடமே கேட்டுவிட்டான்.

அவன் மட்டுமல்ல. நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸான் குவோ என்ற ஆய்வாளர் லண்டன் பயணிகள் பாதை தெரிவு செய்யும் விதத்தை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார். உண்மையான பயண நேரத்தைவிடப் படத்தில் தெரியும் நீளம் அவர்களின் தெரிவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு செல்வாக்குச் செலுத்தியது என்று அவர் கண்டார். நாளாந்தம் போய்வருகிறவர்களே படத்தின் நீளத்தை நம்புகிறார்கள் என்றால், புதிதாகப் போன பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா?

இனி வாசிக்கும் முறை. முதலில் நிறத்தைப் பாருங்கள். ஒரு நிறம் ஒரு பாதை. கோட்டில் சின்னக் குறி இருந்தால் ஸ்டேஷன், வட்டம் இருந்தால் பாதை மாறும் இடம். எத்தனை ஸ்டேஷன், எத்தனை மாற்றம் என்று எண்ணுங்கள். மாறுவது இலவசமல்ல. நடை, படி, காத்திருப்பு என்று பல நிமிடம் போகும், ஆனால் படத்தில் அது ஒரு வட்டம் மட்டுமே.

அடுத்து வலய எண்ணைப் பாருங்கள். நடுப்பகுதி 1. வெளியே போகப் போக எண் கூடும், செஷாம் 9. பொதுவாக எண் கூடும் இடத்தில் ஸ்டேஷன்களுக்கு இடையிலான உண்மைத் தூரமும் கூடும். முதலாம் வலயத்தில் ஒரு ஸ்டேஷன் என்றால் பெரும்பாலும் நடக்கலாம். ஒன்பதாம் வலயத்தில் அப்படி நினைத்து இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசியாக, போகும் இடம் நடுப்பகுதியில் இருந்தால், போனில் உள்ள சாதாரண வீதிப் படத்தை ஒரு தரம் திறந்து, சுற்றிவர வேறு நிறக் கோட்டின் ஸ்டேஷன் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். மருமகன் இதைச் செய்திருந்தால் குயின்ஸ்வேயில் இறங்கியிருப்பான். ஸ்டேஷன்களுக்கு இடையே நடக்க எத்தனை நிமிடம் என்று எழுதிய படத்தை லண்டன் போக்குவரத்து நிறுவனமே 2015இல் வெளியிட்டது. அதையும் போனில் வைத்திருக்கலாம்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். படவாசிப்புப் பாடம் முடிந்ததும் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். இடவிளக்கப்படத்தையும் இந்த ரயில் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் அளவுத்திட்டம் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் தேடுவார்கள், கிடைக்காது. ஏன் இல்லை என்று அவர்களே யோசிக்கட்டும். அளவுத்திட்டம் இல்லாத படத்தில் அடிமட்டம் வைக்கக் கூடாது என்பது அதன் பிறகு மறக்காது.

மருமகனுக்கு அடுத்த கிழமை இன்னொரு நேர்முகம் இருக்கிறது. இந்த முறை இரண்டு படத்தையும் பார்த்துவிட்டேன் என்கிறான். துஆச் செய்யுங்கள்.