"உரிய காலம் வரை" என்பது எத்தனை ஆண்டு?

"தரவுகள் பாதுகாப்பான முறையில் சேமிக்கப்படும். தகுந்த வேண்டுகோளின் பேரில் பிற ஆய்வாளர்களுடன் பகிரப்படும். உரிய காலம் வரை பேணப்படும்."

நல்கை கோரும் விண்ணப்பங்களில் தரவு மேலாண்மைத் திட்டம் என்ற தலைப்பின் கீழ் இந்த மூன்று வாக்கியங்களைக் காணாதவர் குறைவு. துறைக்குத் துறை, ஆண்டுக்கு ஆண்டு, ஒரே கோப்பிலிருந்து படியெடுக்கப்பட்டு இவை பயணம் செய்கின்றன. மூன்றும் செயப்பாட்டு வினையில் முடிவது தற்செயல் அன்று. சேமிப்பவர் யார், பகிர்பவர் யார், பேணுபவர் யார் என்ற கேள்விகள் எழாதபடி அந்த "படும்" காத்து நிற்கிறது. "பாதுகாப்பான", "தகுந்த", "உரிய" என்ற மூன்று அடைமொழிகளை நீக்கிவிட்டால் அங்கே உறுதிமொழி என்று எதுவும் மிஞ்சாது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுண்டு: யாரும் இதைப் படிப்பதில்லை. மேற்பார்வையாளர்கள் ஆய்வு மாணவர்களிடம் இதை அனுபவ ஞானம்போல் கூறுவதுண்டு. படிக்கப்படுகிறதா இல்லையா என்பது இங்கே முதன்மையான கேள்வி அன்று. மங்கலாக எழுதப்பட்ட திட்டத்தின் சுமை எங்கேனும் ஒருவர் மீது விழுந்தே தீரும். பெரும்பாலும் அது மூன்றாண்டு ஒப்பந்தத்தில் பணிபுரியும் ஆய்வு உதவியாளர் மீதும், ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து பேசியவர் மீதும் விழுகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் 2023 ஜனவரி 25 முதல் நடப்பிலுள்ள கொள்கையின்படி, ஏற்கப்பட்ட திட்டம் நல்கையின் நிபந்தனைகளுள் ஒன்றாகிவிடுகிறது. அத்தகைய நிதியில் இணையும் இந்தியக் குழுவுக்கு "யாரும் படிப்பதில்லை" என்ற ஆறுதலும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாக நோக்குவது நலம். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து சூரத் நகரின் விசைத்தறிக் கூடங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றைக் கற்பனை செய்யலாம். எண்பது நேர்காணல்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அவற்றுடன் எழுத்துப்படிகள், நானூறு குடும்பங்களின் கணக்கெடுப்பு அட்டவணை ஒன்று, கையொப்பமிட்ட ஒப்புதல் படிவங்கள்.

முதல் கேள்வி அளவு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடத்தில் சுருக்கமின்றிப் பதிவான ஒரு மணி நேர ஒலி அரை ஜிபிக்குச் சற்று மேல் வரும். 120 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 62 ஜிபி. மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் 70 ஜிபியைத் தாண்டாது. ஐந்து நிமிடக் கணக்குதான் இது. ஆயினும் இதைப் போட்டுப் பார்க்காதவர்கள் "மேகச் சேமிப்பகத்தில் வைக்கப்படும்" என்று எழுதிவிட்டு, 15 ஜிபி மட்டுமே இலவசமாகக் கிடைக்கும் சொந்த கூகுள் கணக்கில் ஏற்றத் தொடங்குகிறார்கள். பதினெட்டாம் நேர்காணலுக்குப் பிறகு இடம் தீர்கிறது. எஞ்சியவை உதவியாளரின் மடிக்கணினியில் தங்குகின்றன. நிறுவனக் கணக்கு இருக்கிறதே என்பதும் முழு விடையாகாது. கல்வி நிறுவனங்களுக்கு அளித்துவந்த வரம்பற்ற சேமிப்பை முடிவுக்குக் கொண்டுவருவதாக கூகுள் 2021இல் அறிவித்தபோது, அதை நம்பிப் பத்தாண்டுத் திட்டம் தீட்டியவர்கள் கோப்புகளைச் சுமந்துகொண்டு இடம் தேடினார்கள்.

ஆகவே சேமிப்புப் பகுதி இவ்வாறு மாற வேண்டும்: "களப்பணியாளர் அன்றைய ஒலிப்பதிவுகளை அன்றிரவே மறையாக்கம் செய்த இரண்டு வன்தட்டுகளில் படியெடுப்பார். ஒன்று அவரிடமும் மற்றொன்று சூரத்தில் கூட்டாய்வாளரின் அலுவலகப் பூட்டறையிலும் இருக்கும். வாரம் ஒருமுறை மூன்றாம் படி பல்கலைக்கழகச் சர்வரில் ஏறும். மூன்று படிகளும் ஒத்திருப்பதை உறுதிசெய்த பின்னரே கருவியிலுள்ள மூலப்பதிவு அழிக்கப்படும்." ஒத்திருப்பதை உறுதிசெய்வது எப்படி என்று கேட்கும் மதிப்பீட்டாளருக்கு இரண்டு வரிகள் போதும்:

```
sha256sum *.wav > checksums.txt
sha256sum -c checksums.txt
```

முதல் வரி ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டை எழுதி வைக்கிறது. படியெடுத்த இடத்தில் இரண்டாம் வரியை இயக்கினால், ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்தக் கோப்பின் பெயருடன் அது காட்டிக்கொடுக்கிறது. இதைச் செய்யாதவர்களுக்குப் பழுது தெரியவரும் நாள் பெரும்பாலும் ஆய்வேட்டின் இறுதி அத்தியாயத்துக்காக அந்த நேர்காணலைத் திறக்கும் நாளாகவே இருக்கும்.

அடுத்தது பகிர்வு. "வேண்டுகோளின் பேரில்" என்ற சொற்றொடரின் உண்மை மதிப்பு அளக்கப்பட்டிருக்கிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுகோளின் பேரில் தரவு தருவதாக எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்குக் கபெலிகாவும் அவர் குழுவினரும் எழுதிக் கேட்டார்கள். தரவைத் தந்தவர்கள் 122 பேர். நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. வேண்டுகோளின் பேரில் என்பதை வேண்டாம் என்பதன் நாகரிக வடிவமாகவே இனிக் கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கே தலைகீழான தவறும் நிகழ்கிறது. திறந்த அறிவியல் என்ற ஆர்வத்தில் "அனைத்துத் தரவுகளும் பொதுவெளியில் வைக்கப்படும்" என்று எழுதிவிடுகிறார்கள். அதே விண்ணப்பத்தின் பின்னிணைப்பில் அறநெறிக் குழுவுக்கு அளித்த ஒப்புதல் படிவம் கிடக்கிறது. "உங்கள் பதிவை ஆய்வுக் குழுவினர் தவிர வேறெவரும் கேட்கமாட்டார்கள், ஆய்வு முடிந்ததும் அழிக்கப்படும்" என்று அதில் ஒடியாவில் அச்சிடப்பட்டிருக்கிறது. நிதி தருபவருக்கு ஒன்று, தறித் தொழிலாளிக்கு வேறொன்று. இரண்டிலும் கையொப்பம் ஒருவருடையதே. பகிர்ந்தால் தொழிலாளியிடம் சொன்னது பொய்யாகும். பகிராவிட்டால் நிதி தருபவரிடம் சொன்னது பொய்யாகும். படிவத்தில் கையொப்பம் பெற்ற பின் இம்முரண்பாடு தெரியவந்தால் எண்பது பேரையும் மீண்டும் தேடிச் செல்ல வேண்டும். பாதிப் பேர் அதற்குள் கூடம் மாறியிருப்பார்கள், அல்லது ஊர் திரும்பியிருப்பார்கள். எனவே திட்டத்தின் பகிர்வுப் பத்தியையும் ஒப்புதல் படிவத்தையும் அருகருகே வைத்து ஒரே அமர்வில் எழுதுவதே முறை. தரவு மேலாண்மைத் திட்டத்தைக் கடைசி இரவில் நிரப்பும் வழக்கம் இதனாலேயே ஆபத்தானது. அதற்குள் படிவம் அறநெறிக் குழுவின் மேசையைக் கடந்திருக்கும்.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் இங்கே நெடுநாளாக உலவுகிறது. கிராமத்தின் பெயர், தறிக்கூடம் இருக்கும் தெரு, கைவிரல் போன விபத்தின் மாதம், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய நான்கும் ஓர் எழுத்துப்படியில் இருந்தால், பேசியவர் யார் என்று கூடத்தின் உரிமையாளர் ஒரு நொடியில் கண்டுகொள்வார். கூலியைப் பற்றியும் மேற்பார்வையாளரைப் பற்றியும் அவர் சொன்னவை அதே பக்கத்தில் இருக்கும். வேலை போவது யாருக்கு என்பதில் ஐயமில்லை. ஆகவே எது பகிரப்படும், எது பகிரப்படாது என்று பொருள்வாரியாக எழுத வேண்டும். கணக்கெடுப்பு அட்டவணை, வயதை ஐந்தாண்டுப் பிரிவுகளாகவும் ஊரை மாவட்ட அளவிலும் மாற்றிய பின், ஸெனோடோ போன்ற களஞ்சியத்தில் டிஓஐ எண்ணுடன், முதல் கட்டுரை வெளியாகும் நாளில் அல்லது திட்டம் முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள், இவற்றுள் எது முந்தியதோ அப்போது வெளியாகும். எழுத்துப்படிகள் கட்டுப்பாட்டுடன் கிடைக்கும்: கேட்பவர் நோக்கத்தை எழுதித் தர வேண்டும், நூலகத் தலைவர், அறநெறிக் குழு உறுப்பினர் ஒருவர், முதன்மை ஆய்வாளர் ஆகிய மூவரும் முப்பது நாட்களில் விடை தர வேண்டும். ஒலிப்பதிவு எவருக்கும் தரப்படாது. குரலே அடையாளம் என்பது காரணம். "தர இயலாது" என்பதும் குறிப்பான விடையே. காரணத்தோடு எழுதப்பட்ட மறுப்பை எந்த நியாயமான மதிப்பீட்டாளரும் குறையாகக் கொள்ளமாட்டார்.

இதைக் கேட்டதும், 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு அளித்திருக்கிறதே என்பார் உண்டு. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு அளிக்கும் விலக்கு நிபந்தனைக்கு உட்பட்டது. குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அத்தரவைப் பயன்படுத்தக் கூடாது. வகுக்கப்பட்ட தரநிலைகளின்படியே அதைக் கையாளவும் வேண்டும். விலக்கைச் சுட்டுகிறவர்கள் இரண்டாம் பாதியைப் படிக்காமல் விடுவது வழக்கம்.

இனி "உரிய காலம்". ஜெர்மானிய ஆய்வு அறநிலையமான டிஎஃப்ஜி பொதுவாகப் பத்தாண்டு என்கிறது. பத்தோ ஐந்தோ, எண் மட்டும் எழுதினால் பாதி வேலைதான் முடிகிறது. எந்த நாளிலிருந்து? பதிவு செய்த நாளிலிருந்தா, இறுதி அறிக்கையிலிருந்தா, கடைசிக் கட்டுரையிலிருந்தா? மூன்றுக்கும் இடையே ஆறேழு ஆண்டு வேறுபாடு வரலாம். தவிர, எல்லாவற்றுக்கும் ஒரே காலம் பொருந்தாது. புனைபெயரையும் இயற்பெயரையும் இணைக்கும் திறவுகோல் கோப்புதான் இருப்பதிலேயே ஆபத்தானது. இறுதி அறிக்கை ஏற்கப்பட்டு ஓராண்டில் அது அழிய வேண்டும். ஒலிப்பதிவு ஐந்தாண்டு. ஒப்புதல் படிவம் ஒலிப்பதிவு இருக்கும் வரையேனும் இருந்தாக வேண்டும், ஏனெனில் அதுவே அந்த ஒலியை வைத்திருப்பதற்கான உரிமை. பெயர்மறைத்த எழுத்துப்படியும் அட்டவணையும் பத்தாண்டு.

யார் வைத்திருப்பது என்ற கேள்வியில்தான் பெரும்பாலான திட்டங்கள் உடைகின்றன. இரண்டு முதல் இருபத்திரண்டு ஆண்டு வயதுடைய 516 கட்டுரைகளின் தரவைத் தேடிய வைன்ஸ் குழுவின் 2014ஆம் ஆண்டு ஆய்வு, கட்டுரைக்கு ஒவ்வோர் ஆண்டு கூடும்போதும் தரவு எஞ்சியிருக்கும் வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு குறைவதைக் கண்டது. ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி உயிரோடிருக்கும் வாய்ப்பும் ஆண்டுதோறும் தேய்ந்தது. நம் நிறுவனங்களில் ஒப்பந்தம் முடிந்த உதவியாளரின் மின்னஞ்சல் முடக்கப்படும். வன்தட்டின் கடவுச்சொல் அவர் நினைவோடு போய்விடும். ஆகவே திட்டத்தில் ஆளின் பெயரை விடப் பதவியின் பெயரே பயன்படும்: "திட்டம் முடிவதற்கு அறுபது நாட்களுக்கு முன் கோப்புகளும் கடவுச்சொற்களும் நூலகத் தலைவரிடம் எழுத்துமூலம் ஒப்படைக்கப்படும்."

இவ்வளவு குறிப்பாக எழுதினால் பிறகு மாட்டிக்கொள்வோம் என்பது மூத்தவர்களின் கடைசி வாதம். திட்டத்தைத் திருத்த வழியில்லை என்றால் அது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் நல்கைகள் ஆறாம் மாதத்தில் ஒரு திட்டத்தைக் கேட்டு, பின்னர் அதை இற்றைப்படுத்தவும் எதிர்பார்க்கின்றன. தேதியும் பதிப்பெண்ணும் இட்ட திருத்தம் எவரையும் சிறையில் தள்ளாது. "எங்கள் நிறுவனத்தில் அப்படிப்பட்ட சர்வரே இல்லை" என்பது வலுவான வாதம். ஆனால் அதை எழுத வேண்டிய இடம் அந்தத் திட்டமேதான். இல்லை என்று எழுதி, இருப்பதற்கான செலவை நிதிப்பட்டியலில் கேட்கலாம். வன்தட்டுகளின் விலை அதில் சிறு தொகை. ஒரு நேர்காணலின் எழுத்துப்படியைப் பெயர்மறைக்க ஒரு நாள் என்று வைத்தாலும் எண்பது வேலை நாட்கள், அதாவது ஒருவரின் ஏறத்தாழ நான்கு மாத ஊதியம். பெயர்மறைத்துப் பகிர்வதாக வாக்களிக்கும் நம் விண்ணப்பங்களில் அந்த ஊதியத்துக்கான வரியைத் தேடிப் பார்த்தால், அந்த எண்பது நாட்களையும் யாருடைய இரவுகளிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்பது விளங்கும்.