அமெரிக்கத் தொலைக்காட்சி இந்தியாவுக்கு வரும்போது: எந்தத் தடை இயற்பியல், எந்தத் தடை வணிகம்?

வெளிநாட்டு ஆய்வுப் பணியை முடித்துக்கொண்டு நாடு திரும்புவோர், கொண்டுவந்த தொலைக்காட்சியைப் பற்றி முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அந்த ஊர் பிளக்கை இந்த ஊர்ச் சுவரில் செருக அடாப்டர் கிடைக்குமா? கிடைக்கும், எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும். பெட்டி பழுதாவதும் பெரும்பாலும் அந்த அடாப்டரால்தான். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றுகிறது; வழியே பாயும் மின்னழுத்தத்தைத் தொடுவதில்லை.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். ஒஹாயோவில் நான்காண்டுகள் முதுமுனைவர் ஆய்வு செய்துவிட்டு ஹைதராபாத்தில் பணியில் சேர்ந்த ஓர் ஆய்வாளர், அங்கே வாங்கிய 55 அங்குலத் தொலைக்காட்சியை வீட்டுச் சாமான்களோடு அனுப்பிவைத்தார். மடிக்கணினியும் கைப்பேசி சார்ஜரும் அடாப்டர் வழியாகச் சிக்கலின்றி இயங்கியதால், தொலைக்காட்சியும் இயங்கும் என்று நம்பினார். சுவரில் செருகியதும் 'டப்' என்று ஓர் ஓசை, சிறிது புகைநாற்றம், அவ்வளவுதான். மடிக்கணினி சார்ஜரின் மேல் `100-240V~ 50/60Hz` என்று அச்சிடப்பட்டிருந்தது. தொலைக்காட்சியின் பின்புறத்தில் இருந்த சிறிய வில்லையில் `120V~ 60Hz 145W` என்றிருந்தது. இந்த இரண்டு வரிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அவர் படித்துப் பார்த்தது பெட்டி அணைந்த பிறகுதான்.

இதற்குள் நடந்ததைப் புரிந்துகொள்ளப் பள்ளி இயற்பியலே போதும். தொலைக்காட்சியின் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி ஒரு பெரிய மின்தேக்கியில் நிரப்புகிறது. அந்த மின்தேக்கி ஏறும் அளவு, மாறுமின்னழுத்தத்தின் உச்ச மதிப்பு. அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கு உச்சம் ஏறத்தாழ 170. இந்தியாவின் 230 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 325. அமெரிக்கச் சந்தைக்கு மட்டும் செய்த பெட்டியில் 200 வோல்ட் தாங்கும் மின்தேக்கியை வைத்துவிடுவது செலவைக் குறைக்கும். அதில் 325 வோல்ட் ஏறினால் அது வீங்கும் அல்லது வெடிக்கும். பல பெட்டிகளில் அதற்கு முன்னரே நுழைவாயிலில் வேரிஸ்டர் என்னும் சிறு வட்டத் தகடு காவல் நிற்கிறது. வரம்பை மீறிய மின்னழுத்தத்தைக் கண்டதும் அது தன் வழியே பெருமின்னோட்டத்தை விட்டு ஃபியூஸை எரியச் செய்துவிடும். கோட்டி கடைவீதியில் பழுதுபார்ப்பவர் பின்மூடியைக் கழற்றியபோது கண்டது இதைத்தான்: ஃபியூஸ் கருகியிருந்தது, வேரிஸ்டர் இரண்டாகப் பிளந்திருந்தது, மற்றவை பிழைத்திருந்தன. இரண்டு உதிரிகளை மாற்றியதும் பெட்டிக்கு உயிர் வந்தது. எல்லோருக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

உயிர் வந்தாலும் அது 120 வோல்ட் பெட்டியாகவேதான் இருந்தது. எனவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்று தேவைப்பட்டது. வில்லையில் 145 வாட் என்றிருந்தால் 300 வோல்ட்-ஆம்பியர் திறனுள்ள மின்மாற்றியை வாங்குவது நல்லது; அளவோடு ஒட்டி வாங்கியது நாள் முழுதும் சூடேறிக்கொண்டிருக்கும். முடி உலர்த்திகளுக்கென்று விற்கும் எடை குறைந்த பயணக் கருவிகள் இதற்கு உதவா. அவை அலையின் ஒரு பகுதியை வெட்டித்தான் சராசரியைக் குறைக்கின்றன, உச்சத்தை அல்ல. 230-ஐ 110 ஆக்கும் மின்மாற்றியே இந்திய வீடுகளுக்குப் பொருந்தும். இரவில் சுவரில் 250 வோல்ட் வந்தாலும் அது 120 அளவில்தான் வெளிவிடும். மாலையில் 200 ஆகச் சரிந்தால் 96 வரும், அதையும் பெரும்பாலான பெட்டிகள் சமாளித்துவிடும். தொலைக்காட்சியை இணைக்கும் முன் மின்மாற்றியின் வெளிவாயிலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அதிர்வெண் 60-க்குப் பதில் 50 ஆக இருப்பதை மின்மாற்றி மாற்றாது. மின்வழங்கி எப்படியும் அதை நேர்மின்னோட்டமாக்கிவிடுவதால் அது கவலைக்குரியதும் அல்ல.

வில்லையில் `100-240V~` என்று இருப்பவர்களுக்கு இந்த முழுப் பத்தியும் வேண்டாம். அவர்கள் அடாப்டரையும் தவிர்த்துவிட்டு, கழற்றக்கூடிய மின்கம்பியையே மாற்றிவிடலாம். அமெரிக்கக் கம்பியின் பிளக்கில் பெரும்பாலும் `125V` என்று பொறித்திருக்கும். 230 வோல்ட்டில் அதைத் தொடர்ந்து பயன்படுத்துவது முறையன்று. பெட்டியின் பின்னால் உள்ள துளை எட்டு வடிவிலோ, கணினிக் கம்பி வடிவிலோ இருக்கும். அதே முனையுள்ள இந்தியக் கம்பி எந்தக் கடையிலும் கிடைக்கிறது. மூன்று முனைப் பிளக்காக இருந்தால் எர்த் இணைப்புள்ள துளையில்தான் செருக வேண்டும்.

அடுத்தது ஒளிபரப்பு முறை. இதுவும் உண்மையான தொழில்நுட்ப வேறுபாடே. அமெரிக்கப் பெட்டிக்குள் இருக்கும் அலைவாங்கி ஏ.டி.எஸ்.சி. முறைக்கானது, இந்தியாவில் செயற்கைக்கோள், கேபிள், தரைவழி அனைத்தும் டி.வி.பி. குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆய்வாளர் மொட்டைமாடி ஆண்டெனாவை இணைத்துத் தானியங்கித் தேடலை மூன்று முறை ஓட்டியும் ஓர் அலைவரிசைகூடச் சிக்காததற்குக் காரணம் இதுவே. அதில் பழுது ஏதும் இல்லை, திருத்த வழியும் இல்லை. பழைய பால், என்.டி.எஸ்.சி. சண்டைகளை நினைவில் வைத்திருப்போர் இதைப் பெரும் இழப்பாக எண்ணக்கூடும். ஆனால் இந்திய வீடுகளில் அலைவாங்கும் வேலையைச் செட்-டாப் பெட்டி எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. தொலைக்காட்சி வெறும் திரையாக இருந்தால் போதும்.

அந்த வெறும் திரையிலும் ஒரு முள் உண்டு. இந்தியச் செட்-டாப் பெட்டிகள் நொடிக்கு 50 என்ற கணக்கில் எச்.டி.எம்.ஐ. வழியே படத்தை அனுப்புகின்றன. 60 கணக்கு வழங்கும் நாடுகளில் விற்கும் தொலைக்காட்சி 50-ஐயும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல பெட்டிகள் ஏற்கின்றன. இந்தப் பெட்டி ஏற்கவில்லை. ஒலி வந்தது, திரையில் `Mode Not Supported` என்று மட்டும் வந்தது. செட்-டாப் பெட்டியின் அமைப்புப் பகுதியில் 60-ஐத் தேர்ந்தெடுக்க இடம் இருந்தது; ஆனால் அதைப் பார்க்கத் திரை வேண்டுமே! பெட்டியை அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து, அமைப்பை மாற்றி, மீண்டும் கொண்டுவந்தபோது படம் தெரிந்தது. 50-ஐ 60 ஆக்கும்போது நொடிக்குப் பத்துப் படங்கள் இரட்டிப்பாகின்றன. செய்தி அலைவரிசையின் அடியில் ஓடும் எழுத்து வரிசையும் கிரிக்கெட் பந்தைத் துரத்தும் கேமராவும் மெல்லத் திக்கித் திக்கி நகர்வதில் அதன் விலை தெரியும். உற்றுப் பார்ப்பவருக்கு மட்டுமே உறுத்தும்.

இதுவரை சொன்னவற்றில் மின்னழுத்தமும் அலைவாங்கியும் வன்பொருளின் எல்லைகள். மலிவாகச் செய்ததைக் குறை கூறலாம். ஆயினும் வில்லையைப் படித்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். நான்காவது தடை அப்படிப்பட்டதன்று.

இணையத்தோடு இணைத்ததும் பெட்டி தன்னை அமெரிக்காவில் இருப்பதாகவே கருதியது. இந்திய ஓ.டி.டி. செயலிகள் சில அதன் கடையில் தேடியும் கிடைக்கவில்லை. நாட்டை மாற்றும் பட்டியலில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மட்டுமே இருந்தன; தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்த பின்னரும் அதே மூன்று பெயர்கள். நண்பர் ஒருவர் வி.பி.என். போடச் சொன்னார். அது பிழையான மருந்து. இங்கே மூன்று தனித்தனி அடுக்குகள் இருக்கின்றன: பெட்டியின் மென்பொருளுக்குள் எழுதப்பட்ட விற்பனை வட்டாரம், பயனர் கணக்கின் நாடு, இணைய முகவரி காட்டும் இடம். வி.பி.என். மூன்றாவதை மட்டுமே மாற்றும். இங்கோ அது ஏற்கெனவே சரியாக ஹைதராபாத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. கணக்கின் நாட்டைச் சில நிறுவனங்களில் மாற்றலாம். கூகுள் பிளே ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே அனுமதிக்கிறது. முதல் அடுக்கின் சாவி பயனர் கையில் இல்லை.

இத்தடைக்கு ஒளிபரப்பு உரிமங்களே காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அது பொருந்தாத விளக்கம். உரிமம் கட்டுப்படுத்துவது படம் எந்த நாட்டில் பார்க்கப்படுகிறது என்பதை. அதை அறிய இணைய முகவரியும் கணக்கும் போதும். ஹைதராபாத்தில் வாழ்ந்து, இந்தியக் கட்டணம் செலுத்தி, இந்தியச் செயலியை நிறுவ விரும்புபவரைத் தடுப்பதால் எந்த உரிமதாரரும் காக்கப்படுவதில்லை. காக்கப்படுவது ஒரே பெட்டியை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு விலைக்கு விற்கும் வசதிதான்.

டி.வி.டி. காலத்திலும் உலகம் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது; இந்தியாவுக்கு ஐந்தாம் எண். அந்த ஏற்பாட்டை விரும்பாதவர்கள்கூட ஒன்றை ஒப்புக்கொள்வர்: உறையின் பின்புறம் உலக உருண்டைக்குள் அந்த எண் அச்சிடப்பட்டிருந்தது, வாங்குபவர் கடையிலேயே பார்க்க முடிந்தது. இன்றைய தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டியில் மின்னழுத்தம் உண்டு, எடை உண்டு, மறுசுழற்சிக் குறி உண்டு; மென்பொருள் எந்த நாடுகளில் முழுமையாக இயங்கும் என்ற ஒரு வரி மட்டும் வழக்கத்தில் இல்லை. `120V~` என்று அச்சிடுவதை எந்த நிறுவனமும் பாரமாகக் கருதுவதில்லை. இந்த வரியையும் அதே வில்லையில் அச்சிட வேண்டும் என்றும், முதல் உரிமையாளர் நாடு மாறும்போது வட்டாரத்தை ஒருமுறையாவது மாற்ற வழி தர வேண்டும் என்றும் நுகர்வோர் சட்டம் கேட்பது மிகையாகாது.

அந்த ஆய்வாளர் இறுதியில் இந்தியாவில் விற்கும் ஸ்டிரீமிங் குச்சி ஒன்றை வாங்கி எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினார். அதற்கான மின்சாரத்தை அதனுடன் வந்த சார்ஜரிலிருந்து, மின்மாற்றி வழியாக அல்லாமல், நேரே சுவரிலிருந்து கொடுத்தார். அது 60 கணக்கிலேயே படத்தை அனுப்பியது; செயலிகள் அனைத்தும் இருந்தன. தொலைக்காட்சியின் சொந்த மென்பொருளை இணையத்திலிருந்தே துண்டித்துவிட்டார். மின்மாற்றி மேசைக்கடியில் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். இரவில் அதன் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கச் செல்கிறார்.