முப்பது வீத வரியும் முதலீட்டின் உண்மையான சுமையும்

2022 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் கம்பனி வருமான வரியின் பொது வீதம் 24 இலிருந்து 30 ஆக உயர்த்தப்பட்டது. அன்று தொட்டு, இந்த உயர்வு புதிய முதலீட்டைத் துரத்திவிடும் என்று ஒரு சாராரும், திறைசேரிக்கு வேறு வழியில்லை என்று மறுசாராரும் வாதிட்டு வருகின்றனர். இரு தரப்பினரும் ஒரே தவறைச் செய்வதாகவே நாம் கருதுகின்றோம். சட்டத்தில் எழுதப்பட்ட வீதத்தையே புதிய முதலீடு சுமக்கும் வரியென இரு தரப்பும் எண்ணிக் கொள்கின்றன. ஆனால் முதலீடு செய்வதா இல்லையா என்று எல்லையில் நிற்கும் ஒரு திட்டத்தைத் தீர்மானிப்பது அந்த வீதம் மட்டுமன்று.

அத்தகைய திட்டமொன்று வரியையும் தேய்வையும் ஈடுசெய்து, பணம் இட்டவருக்கு அவர் வேறிடத்தில் பெறக்கூடிய வருவாயை மட்டும் மிச்சமின்றிக் கொடுக்க வேண்டுமாயின், வரிக்கு முன் எவ்வளவு மெய் வருவாய் ஈட்ட வேண்டும்? அதுவே மூலதனக் கிரயம். இந்தக் கிரயத்திற்கும் மெய் வட்டி வீதத்திற்கும் உள்ள இடைவெளியைக் கிரயத்தினாலேயே வகுத்தால் கிடைப்பது பயனுறு எல்லை வரி வீதம். ஹோலும் ஜோர்கென்சனும் 1967 இல் அமைத்து, கிங்கும் புல்லர்டனும் 1984 இல் விரித்த கணிப்பு முறை இதுவாகும். அதன் சுருக்கம்:

p = [(1 − A) / (1 − τ)] × (ρ − π + δ) − δ

இங்கு p மூலதனக் கிரயம், τ வரி வீதம், ρ கம்பனியின் கழிவு வீதம், π பணவீக்கம், δ சொத்தின் உண்மைத் தேய்வு. A என்பது ஒரு ரூபா முதலீட்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் பெறுமானத் தேய்வுக் கழிவினால் மீதமாகும் வரியின் நிகழ்காலப் பெறுமதி. பங்குதாரர் தனிப்பட்ட முறையில் செலுத்தும் வரிகளை நாம் இங்கே சேர்க்கவில்லை.

நூறு ரூபாவுக்கு வாங்கப்படும் ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். வட்டி 10 வீதம், பணவீக்கம் 5 வீதம், ஆகவே மெய் வட்டி 5 வீதம். இயந்திரம் ஆண்டுக்கு 12 வீதம் தேய்கின்றது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இயந்திரங்களுக்கு ஐந்தாண்டு நேர்கோட்டுத் தேய்வை அனுமதிக்கின்றது. ஆண்டுக்கு 20 ரூபா வீதம் ஐந்தாண்டுகள் கழிக்கப்படும் தொகையின் நிகழ்காலப் பெறுமதி 10 வீதத்தில் 75.8 ரூபா, அதன் 30 வீதம் 22.7 ரூபா. கம்பனி தன் சொந்தப் பங்கு மூலதனத்தால் வாங்குமானால் மூலதனக் கிரயம் 6.76 வீதமாகும். 5 ஐக் கழித்து 6.76 ஆல் வகுத்தால் பயனுறு எல்லை வீதம் சுமார் 26. சட்டத்தின் தேய்வு உண்மைத் தேய்வை விட விரைவாயிருப்பதே 30 இற்குக் கீழே அது நிற்பதற்குக் காரணம்.

அதே இயந்திரத்தைக் கடன் பெற்று வாங்கினால் நிலைமை தலைகீழாகின்றது. செலுத்தும் பெயரளவு வட்டி முழுவதும் வரிக்குரிய வருமானத்தில் கழிக்கப்படுவதால் கம்பனிக்கு அது 7 வீதச் சுமையாகவே நிற்கும். பணவீக்கம் அதிலும் 5 வீதத்தை உண்டுவிடும். கணித்தால் கிரயம் 3.08 வீதம், மெய் வட்டியிலும் தாழ்வு. ஆகவே பயனுறு வீதம் மறை எண்ணாகி, வரி மானியமாக மாறுகின்றது. இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பழைய 24 வீதத்தில் இதே கடன் முதலீட்டின் கிரயம் 3.49 வீதமாயிருந்திருக்கும். அதாவது வரி உயர்வு இந்தத் திட்டத்தை மலிவாக்கியுள்ளது. பங்கு மூலதனத் திட்டத்திலோ பயனுறு வீதம் சுமார் 21 இலிருந்து 26 ஆக ஏறியது. வட்டிக் கழிவுக்குச் சட்டம் உச்சவரம்பு விதித்திருப்பதற்கான காரணம் இங்கேதான் விளங்குகின்றது. அந்த வரம்பிற்குள் நிற்கும் கடனுக்கே மேற்கண்ட கணிப்புப் பொருந்தும்.

வீதம் மாறாமலே சுமை மாறுவதும் உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் சார்ந்த பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பணவீக்கம் 20, வட்டி 25 என்று வைத்து, மெய் வட்டியை அதே 5 இல் நிறுத்துவோம். தேய்வுக் கழிவு வாங்கிய விலையின் மீதே கணிக்கப்படுவதால் அதன் நிகழ்காலப் பெறுமதி 53.8 ரூபாவாகச் சுருங்கும். சொந்த மூலதனத்தின் கிரயம் 8.37 வீதமாகி, பயனுறு வீதம் 40 ஐத் தொடும். நாடாளுமன்றம் ஒரு சொல்லையும் மாற்றாமல் வரி 26 இலிருந்து 40 ஆக உயர்ந்துவிட்டது! விலைத் தளம்பலை அடக்கும் மத்திய வங்கியின் பணி வரிக் கொள்கையின் பாகமுமாகும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

இனி எமது மண்ணுக்கு வருவோம். 2017 சட்டம், குறித்த அளவு முதலீட்டுக்கு ஏனைய மாகாணங்களில் 100 வீதமும் வட மாகாணத்தில் 200 வீதமும் மேம்பட்ட மூலதனக் கழிவு அளித்தது. இச்சலுகையை மட்டும் கணக்கில் கொள்வோம். 200 ரூபாவையும் முதலாண்டின் இறுதியிலேயே கழிக்கப் போதிய இலாபமுள்ள கம்பனிக்கு A 0.545 ஆகும். மூலதனக் கிரயம் கிட்டத்தட்ட மறை 1 வீதம். அதாவது மெய்யாகவே நட்டமடையும் திட்டம் கூட அவ்வாறான கம்பனிக்குத் தாங்கக்கூடியதாகிவிடும்.

ஆனால் போருக்குப் பின் இங்கே புதிதாகத் தொடங்கும் ஒரு தொழிலுக்கு அவ்வளவு இலாபம் எங்கே? கழிவைப் பயன்படுத்த வரிக்குரிய வருமானம் வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாவை மாத்திரமே உறிஞ்ச முடிந்தால் 200 ரூபாவும் தீரப் பத்தாண்டு செல்லும், அதன் நிகழ்காலப் பெறுமதி 123 ரூபாவாகக் குறையும், கிரயம் 3.33 வீதமாக ஏறும். மேலே நாம் கண்டபடி பணவீக்கம் உயர்ந்தால் காத்திருப்பின் விலையும் உயரும். ஆகவே ஒரே சலுகை ஏற்கனவே இலாபமீட்டும் பெரிய கம்பனியின் கிளைக்குப் பெருங்கொடையாகவும், இங்கேயே முளைவிடும் சிறு தொழிலுக்குப் பாதிக் கொடையாகவும் அமைகின்றது.

எமது முடிவு இதுதான். சலுகையின் அளவைக் கூட்டுவதற்கு முன், பயன்படுத்தப்படாத கழிவை வட்டியுடன் முன்கொணர அனுமதிப்பதே பயன் தரும். ஆண்டுதோறும் வட்டி சேர்ந்தால் பத்தாண்டுக் காத்திருப்பு கழிவின் நிகழ்காலப் பெறுமதியைக் குறைக்காது. புதிய தொழிலும் பழைய கம்பனியும் ஒரே கிரயத்தில் போட்டியிடும். 2008 ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டத்தின் கீழ் 25 ஆண்டுகள் வரை வழங்கக்கூடிய வரி விடுமுறையோ, எப்படியும் செய்யப்பட்டிருக்கக்கூடிய உயர் இலாபத் திட்டத்துக்கே அதிக வரியை விட்டுக்கொடுக்கின்றது. எல்லையில் நிற்கும் திட்டத்துக்கு மிகச் சிறிதளவே. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஏதேனும் ஒரு சலுகை அறிவிக்கப்படும்போது அதன் வீதத்தைக் கேட்டு மகிழாமல், யாருடைய மூலதனக் கிரயத்தை அது எவ்வளவு மாற்றுகின்றது என்று கேட்பதே எமது பிரதிநிதிகளின் கடமையாகும்.